காலை ஆறு மணிக்கு யார் இருப்பார்?



குழந்தை பராமரிப்பு மையங்களின் சேர்க்கை அறிவிப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால், மையத்தின் பெயர்தான் மாறுகிறது, வாசகம் மாறுவதில்லை. பாதுகாப்பான சூழல், அன்பான பணியாளர்கள், சத்தான உணவு, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வசதியான நேரம். இந்த நான்கையும் நல்ல மையமும் எழுதும், மோசமான மையமும் எழுதும். இரண்டுமே எழுதக்கூடிய ஒரு வாக்கியத்தை வைத்து எந்தத் தாயும் முடிவெடுக்க முடியாது. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு வரியும், மையத்தின் வாசலில் நின்று பார்க்கும் ஒரு தாய் "இது உண்மை" அல்லது "இது பொய்" என்று தானே கண்டுகொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். "அன்பான பணியாளர்கள்" என்பதை அப்படிச் சோதிக்க முடியாது. "ஒரு வயதுக்குக் கீழே உள்ள மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், காலை ஆறு மணி முதல்" என்பதைச் சோதிக்கலாம். ஆறு மணிக்குப் போய் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இந்த அறிவிப்பைப் படிப்பவர் யார் என்று முதலில் பார்ப்போம். 1929-இல் தொடங்கிய போ தோட்டமும், 1930-களில் வந்த பாரத் தோட்டமும் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்களை இந்த மலையில் குடியேற்றின. இன்று கொழுந்து பறிப்பதிலும் வெட்டுவதிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். நம் பெண்களில் பலர் தொழிற்சாலைக்கும், கடைக்கும், தங்கும் விடுதிக்கும், காய்கறித் தோட்டத்துக்கும் போகிறார்கள். வேலை மாறியது, விடியும் முன்னே வீட்டை விட்டுக் கிளம்புவது மாறவில்லை. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. அப்படியும் விடுப்பு முடியும் நாளில் பிள்ளைக்கு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குப்புற விழுந்தால் தானாகத் திரும்பப் படுக்கத் தெரியாது. அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவர் கேட்கும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. பிள்ளை அழுதால் யார் தூக்குவார்? பால் குடிக்கவில்லை என்றால் எனக்குச் சொல்வார்களா? நான் வர நேரமானால் வாசலில் உட்கார வைத்துவிடுவார்களா? அறிவிப்பு பதில் சொல்ல வேண்டியது இவற்றுக்குத்தான்.

தோட்டத்துக்குப் பிள்ளைப் பராமரிப்பு புதிதல்ல. மலாயாத் தோட்டங்களில் பெரட்டு முடிவதற்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட ஆயாக்கொட்டகை இருந்தது. பெரும்பாலும் வெளிவேலைக்குப் போக முடியாத வயதான ஓர் அம்மா, வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்கள், ஒரு அண்டா கஞ்சி. அதைக் குறை சொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஆயா யார் என்று எல்லோருக்கும் தெரியும், செலவு தோட்ட நிர்வாகத்தினுடையது. இன்று தனியார் மையத்திடம் தாய் கொண்டுபோகும் கவலையில் பாதி, இந்த இரண்டும் இல்லாமல் போனதால் வந்தது. முன்பின் அறியாத ஒருவரிடம், தன் கைக்காசைக் கொடுத்து, பிள்ளையை ஒப்படைக்கிறார். அறிமுகம் தந்த நம்பிக்கையின் இடத்தில் எழுத்து நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த எழுத்து உறுதியானதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

பணியாளர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன், மற்ற எல்லாம் அதில்தான் நிற்கின்றன. 1984-ஆம் ஆண்டின் குழந்தை பராமரிப்பு மையச் சட்டம், நான்கு வயதுக்குக் கீழே உள்ள நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் சமூக நல இலாகாவிடம் பதிவு பெற வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் ஐந்து பேருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வயதுக்குப் பத்துப் பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். இப்போது ஒரு மையத்தைக் கற்பனையாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பிள்ளைகள். மூன்று கைக்குழந்தை, ஐந்து நடை பழகும் பிள்ளை, நான்கு பேர் மூன்று வயதைத் தாண்டியவர்கள். விதிப்படி மூன்று பராமரிப்பாளர் வேண்டும். அறிவிப்பிலும் "பயிற்சி பெற்ற மூன்று பணியாளர்கள்" என்று இருக்கிறது. எல்லாம் சரியாகவே தெரிகிறது.

ஆனால் அதே அறிவிப்பின் அடியில் "காலை 6 முதல் மாலை 6 வரை, திங்கள் முதல் சனி வரை" என்றும் இருக்கிறது. நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம். மூன்று இடத்திலும் ஆள் நிற்க 216 மணி நேரம் வேண்டும். 2023 முதல், கூடுதல் நேரம் நீங்கலாக, வார வேலை நேரத்தின் சட்ட வரம்பு 45 மணி. மூன்று பேர் சேர்ந்து தரக்கூடியது 135 மணி. மிச்சம் 81 மணி நேரம் யார் பார்ப்பார்கள்? முழு நேரமும் விதிப்படி நிற்க ஐந்து பேர் தேவை. காலை ஆறு மணிக்கே பன்னிரண்டு பிள்ளைகளும் வந்துவிடுவதில்லை என்பது உண்மைதான். ஓரத்து நேரங்களில் பிள்ளைகள் குறைவு என்பதால் நான்கு பேரைக் கொண்டு கவனமாகச் சமாளிக்க முடியலாம். மூன்று பேரைக் கொண்டு முடியாது. முடிகிறது என்றால், யாரோ ஒருவர் அதிகாலையில் தனியாக இருக்கிறார், அல்லது சமைக்கும் அம்மாவையும் பராமரிப்பாளராக எண்ணியிருக்கிறார்கள், அல்லது பணியாளர்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்துப்போகிறார்கள். பத்து மணிக்கு வந்து பார்க்கும் பெற்றோரின் கண்ணுக்கு இது படாது. அப்போது மூவரும் இருப்பார்கள். காலை ஆறேகால், மதியத் தூக்க நேரம், மாலை ஐந்தரை, இந்த மூன்று வேளைகளில்தான் ஓட்டை தெரியும்.

ஆகவே "எங்களிடம் எத்தனை பேர்" என்று எழுதுவதை விட்டு, "எந்த நேரத்தில் எத்தனை பேர்" என்று எழுதுங்கள். "காலை 6 முதல் 7.30 வரை இருவர், அந்த நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. 7.30 முதல் 4.30 வரை பிள்ளைகளைப் பார்க்க மட்டும் மூவர், சமையலுக்குத் தனி ஆள். 4.30 முதல் 6 வரை இருவர்." இவ்வளவுதான். பக்கத்தில் பதிவு எண்ணும், பதிவு முடியும் தேதியும். பராமரிப்பாளர்கள் எடுத்திருக்க வேண்டிய ஆரம்பக் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியை யார் முடித்திருக்கிறார்கள், யார் இன்னும் முடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதலாம். ஒருவர் இன்னும் பயிற்சியில் இருக்கிறார் என்று சொல்லும் மையத்தை நான் அதிகம் நம்புவேன். எல்லோரும் அனுபவசாலிகள் என்று மட்டும் சொல்லும் மையத்திடம் அடுத்த கேள்வியைக் கேட்பேன்.

நேரம் என்றதும், தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோர் விஷயம் வரும். பல மையங்கள் அறிவிப்பிலேயே "ஆறு மணிக்கு மேல் இவ்வளவு வெள்ளி அபராதம்" என்று போட்டுவிடுகின்றன. இதைப் பற்றிப் பெயர்பெற்ற ஓர் ஆய்வு உண்டு. யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தை மையங்களைக் கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. சில மையங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் சிறு அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதுவரை "அந்தப் பணியாளர் நமக்காகக் காத்திருக்கிறாரே" என்ற கூச்சம் பெற்றோரை ஓட வைத்தது. காசு வந்ததும் அது வாங்கக்கூடிய ஒரு சேவையாகிவிட்டது. நம் மலைக்கு இது அப்படியே பொருந்துமா என்றால், முழுவதும் பொருந்தாது. இங்கே தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வாகனம் ஊர்ந்துதான் போகும். விடுதியில் வேலை செய்கிறவர் தன் முறை முடிந்தும் கிளம்ப முடியாமல் நிற்பார். இவர்களுக்கு அபராதம் போட்டால் நேரத்துக்கு வருவதும் நடக்காது, சம்பளமும் குறையும். அதைவிட, "ஐந்தரைக்குள் தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஏழு மணி வரை ஒரு பணியாளர் பிள்ளையோடு இருப்பார், அவருடைய பெயர் சுவரில் எழுதியிருக்கும்" என்ற வரி பயன்படும். காத்திருப்பவர் யார் என்று தெரியும்போது அந்தக் கூச்சம் உயிரோடு இருக்கிறது. அந்தப் பணியாளருக்குரிய கூடுதல் நேர ஊதியத்தை மாதக் கட்டணத்திலேயே சேர்த்து, சேர்த்திருக்கிறோம் என்று அறிவிப்பிலும் சொல்லிவிடலாம்.

பாதுகாப்பு என்றால் பூட்டு, வேலி, கேமரா என்று எழுதுகிறார்கள். இருக்கட்டும். கைக்குழந்தைக்கு மையத்தில் நேரும் மிகப் பெரிய ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை, தூங்கும்போது வருகிறது. குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும் என்ற எளிய அறிவுரையை 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் பெரிய அளவில் பரப்பிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கேமரன் மலையில் இந்த விஷயம் இன்னும் கூர்மையானது. குளிர் என்பதால் கம்பளிக் குல்லா, இரண்டு மூன்று போர்வை, பக்கத்தில் தலையணை என்று பாசத்தோடு சுற்றி வைக்கிறோம். தளர்ந்த போர்வை முகத்தை மூடலாம். அதிக வெப்பமும் தூங்கும் குழந்தைக்கு நல்லதல்ல. சட்டைக்கு மேல் சட்டை போடலாம், படுக்கையில் தளர்ந்த துணி வேண்டாம், உள்ளே தூங்கும்போது குல்லா வேண்டாம். புட்டிப்பாலை வாயில் முட்டுக்கொடுத்துவிட்டுப் போவதும் இதே வகை ஆபத்து, பால் மூச்சுக்குழலுக்குள் போகலாம். ஒருவரே ஆறு கைக்குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். பணியாளர் எண்ணிக்கையும் பாதுகாப்பும் தனித்தனி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். "குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்கிறோம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்கிறோம், புட்டியைக் கையில் பிடித்தே பால் கொடுக்கிறோம்" என்று அறிவிப்பில் எழுதினால், தூக்க நேரத்தில் எட்டிப் பார்க்கும் எந்தத் தாயும் அந்தக் குறிப்பேட்டைக் கேட்கலாம். மதியம் இரண்டு மணிக்கே மாலை ஐந்து மணி வரை குறித்து வைத்திருந்தால் என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இந்த மலைக்கே உரிய இன்னொரு ஆபத்து மண்ணும் நீரும். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. 2024 ஜனவரியில் புளூ வேலியில் மண் சரிந்து ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் இறந்தார்கள். சாலை மூடினால் தாய் ஒரு பக்கம், பிள்ளை மறுபக்கம். இரவு யார் தங்குவார், எத்தனை பேருக்குப் பாலும் மாற்றுத் துணியும் இருக்கிறது, எந்தக் கட்டடத்துக்கு மாற்றுவார்கள் என்ற மூன்று விவரம் சேர்க்கை அறிவிப்பில் இருந்தாக வேண்டும். தோட்டத்துக்குள்ளே இருக்கும் மையம் என்றால் மருந்தடிக்கும் நாளையும் சொல்ல வேண்டும். பராகுவாட் களைக்கொல்லி 2020 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகள் இருக்கின்றன. அன்று சன்னலை மூடி வைப்பதும், மருந்தடித்த உடுப்போடு வருகிறவர் உடை மாற்றிக் கைகால் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குவதும் பழக்கமாக வேண்டும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழமைவாரியாக என்ன சமைக்கிறோம் என்று எழுதி ஒட்டினால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். மாட்டிறைச்சி உண்டா என்று நம் பெற்றோர் கேட்கத் தயங்குவார்கள், அவர்கள் கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள். சமைப்பவர் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கிறார், உணவு கையாளும் பயிற்சி எடுத்திருக்கிறார் என்பதற்குச் சான்றிதழ் உண்டு, அதைச் சுவரில் மாட்டலாம். கடலை, முழுத் திராட்சை, முறுக்கு ஆகியவை சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும், ஒரு வயதுக்குள் தேன் கூடாது. இவை விவரம் தெரிந்த மையத்தின் அடையாளங்கள். தாய்ப்பால்தான் கவனம் கேட்கிறது. கறந்த பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும், குளிர்பெட்டியில் நான்கு நாள் வரை. காலை ஆறு மணிக்குத் தாய் கொண்டுவரும் புட்டி நேராகக் குளிர்பெட்டிக்குப் போகிறதா, அதில் பெயரும் நேரமும் எழுதியிருக்கிறதா என்பதை அங்கேயே பார்க்கலாம். மாவுப்பால் என்றால், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் கலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மலை உயரத்தில் நீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்தாலும் 95 டிகிரி அளவுக்கு வரும், அது போதும். பழைய குடுவையில் ஆறிப்போன வெந்நீர்தான் போதாது. உரை மருந்து, ஜாதிக்காய், இருமல் மருந்து எதையும் பெற்றோர் எழுதித் தராமல் கொடுப்பதில்லை என்ற வரியும் வேண்டும். தினமும் மாலையில் அளவுக்கு மீறிய தூக்கத்தோடு திரும்பும் பிள்ளையைப் பார்த்தால், என்ன கொடுத்தார்கள் என்று கேட்க அந்த வரி தாய்க்கு உரிமை தருகிறது.

இவ்வளவையும் எழுதினால் பெற்றோர் பயந்துவிடுவார்களே என்று மையம் நடத்துவோர் சொல்கிறார்கள். பெற்றோர் ஏற்கெனவே பயந்துதான் வருகிறார்கள். பால் புரையேறுவதையும் சாலை மூடுவதையும் அவர்கள் உங்கள் அறிவிப்பில் முதன்முதலாகக் கேள்விப்படப்போவதில்லை. அந்தப் பயத்துக்கு அளவான பதில் கிடைக்கும்போதுதான் அது தணியும். பக்கத்து வீட்டுப் பாட்டி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று பிள்ளைகள் வரை சட்டம் பதிவு கேட்பதில்லை, பாட்டியிடம் விடுவதில் தவறும் இல்லை. ஆனால் படுக்க வைக்கும் முறை, மருந்து, சாலை மூடினால் என்ன என்ற கேள்விகள் பாட்டிக்கும் உண்டு. நான்காவது பிள்ளை வந்தவுடன் பதிவும் தேவை.

எனக்கே கனமாகப் படும் மறுப்பு செலவைப் பற்றியது. மேலே போட்ட கணக்கை வெள்ளியில் பாருங்கள். குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. மூன்று கைக்குழந்தைக்கு வாரம் 72 மணி நேரம் ஒருவர் நிற்க 1.6 ஆள் வேண்டும், அதற்குச் சம்பளம் மட்டும் மாதம் 2,720 வெள்ளி, பிள்ளைக்கு ஏறக்குறைய 907. வாடகை, உணவு, சேமநிதி எதுவும் இதில் சேரவில்லை. அதே 1,700 வெள்ளி வாங்கும் தாய் இதை எப்படிக் கட்டுவார்? கட்ட முடியாது. அதனால்தான் 300 வெள்ளிக்குக் கைக்குழந்தையைப் பார்க்கிறோம் என்று ஒரு மையம் எழுதினால், மீதியை யார் தருகிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெரிய பிள்ளைகளின் கட்டணம் கொஞ்சம் ஈடுகட்டலாம். மானியம் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், ஆள் குறைப்பில்தான் அந்தப் பணம் மிச்சமாகிறது.

இந்தக் கணக்கு தோட்ட நிர்வாகத்தின் மேசைக்கும் போக வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கு இடம் இருக்கிறது. இந்தியாவின் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பகத்தை முதலாளியின் பொறுப்பாகவே வைத்திருந்தது. ஆயாக்கொட்டகைக் காலத்தில் ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தோட்டங்களும், பெண்களை விடியற்காலையில் வேலைக்கு அழைக்கும் விடுதிகளும் இன்று கட்டணத்தில் ஒரு பங்காக ஏற்கலாம், கட்டடமாகத் தரலாம். எப்படித் தந்தாலும் அது அறிவிப்பில் வரட்டும்: ஒரு பிள்ளைக்கு உண்மைச் செலவு இவ்வளவு, பெற்றோர் கட்டுவது இவ்வளவு, மீதியைக் கட்டுவது இன்னார். அதற்குக் கீழே கடைசி வரியாக, பெற்றோர் முன்னறிவிப்பின்றி எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பதும், இங்கே எழுதியது ஒன்று நடப்பது வேறு என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ 15999 என்ற எண்ணிலோ சொல்லலாம் என்பதும் இருக்கட்டும்.